பிடபிள்யூஎம் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

அர்டுயினோ யூனோ போர்டில் இருக்கும் ATmega328P சிப்பின் டைமர் 1-ஐ வைத்து எல்இடியை மங்கலாக்குவார்கள்; மாஸ்ஃபெட் ஒன்றைச் சேர்த்துச் சின்ன டிசி மோட்டாரின் வேகத்தை மாற்றுவார்கள். சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வருகிற சர்க்யூட்களில் இந்த வகை அதிகம். ஆளுக்கு ஒரு விதமாகப் பழுதைச் சொன்னாலும் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அதனால் அறிகுறி வாரியாகவே எழுதிவிடுகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பாகம் மாற்ற வேண்டியது கடைசியில்.

கீழே சொல்வதெல்லாம் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 9-ஆம் பின் (சிப்பில் PB1, டைமரின் கணக்கில் OC1A), 20 கிலோஹெர்ட்ஸ் அலை என்ற அமைப்புக்கு. ஒழுங்காக வேலை செய்யும் நிரல் இவ்வளவுதான்:

```
DDRB  |= (1 << PB1);
TCCR1A = (1 << COM1A1) | (1 << WGM11);
TCCR1B = (1 << WGM13) | (1 << WGM12) | (1 << CS10);
ICR1   = 799;
OCR1A  = 199;
```

டைமர் 0-விலிருந்து 799 வரை, அதாவது 800 படி எண்ணுகிறது. 16000000-ஐ 800-ஆல் வகுத்தால் 20000. OCR1A-வில் 199 போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் 200 படி வரை 9-ஆம் பின் மேலே இருக்கும். ஆக டியூட்டி 25 சதவீதம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த இரண்டு சோதனை

மோட்டாரையும் மாஸ்ஃபெட்டையும் கழற்றிவிடுங்கள். 9-ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். சாதாரண மீட்டர் இந்த வேக அலையின் சராசரியைத்தான் காட்டும். 25 சதவீதம் என்றால் 1.25 வோல்ட் சுமார், 50 சதவீதம் என்றால் 2.5. நிரலில் எண்ணை மாற்றினால் மீட்டரும் அதே விகிதத்தில் மாற வேண்டும். மாறினால் டைமர் நல்லபடியாக இருக்கிறது, பழுது பின்னுக்கு வெளியே. மாறவில்லையா, மாஸ்ஃபெட்டைத் திட்டுவதில் பயனில்லை, நிரலைப் பாருங்கள்.

இரண்டாவது சோதனைக்கு ஆசிலோஸ்கோப்பே வேண்டாம். அதே அலையைக் கண்ணுக்குத் தெரியும் வேகத்துக்கு இறக்கிவிடலாம்:

```
TCCR1A = (1 << COM1A1) | (1 << WGM11);
TCCR1B = (1 << WGM13) | (1 << WGM12) | (1 << CS12) | (1 << CS10);
ICR1   = 15624;
OCR1A  = 3905;
```

கடிகாரத்தை 1024-ஆல் வகுத்து 15625 படி எண்ணினால் சரியாக ஒரு விநாடி. 330 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு எல்இடியைப் பின்னில் மாட்டினால் கால் விநாடி எரிந்து முக்கால் விநாடி அணைய வேண்டும். எரியும் நேரமும் அணையும் நேரமும் இடம் மாறியிருந்தால் அலை தலைகீழாக இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 16 விநாடி ஆனால் சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. தனியாக வாங்கிப் பொருத்திய புதுச் சிப்பில் இது சகஜம்: உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை 8-ஆல் வகுக்கும் ஃபியூஸ் போட்டபடியேதான் அது வரும். அப்படியானால் ஃபியூஸை மாற்றுவதுதான் வழி, நிரலில் எண்களோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

## பின்னில் ஒன்றுமே வரவில்லை, மீட்டர் 0 காட்டுகிறது

பின் எண் தப்பு. எல்லாப் பின்னும் டைமரோடு இணைந்ததில்லை. யூனோவில் டைமர் 1-க்கு 9, 10 மட்டும்தான். 8-ஆம் பின்னில் மாட்டிவிட்டு OCR1A-வை மாற்றிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

பின்னை வெளியீடாக அறிவிக்கவில்லை. `DDRB` வரியைத் தொட மறந்தால் டைமர் உள்ளே ஒழுங்காக ஓடும், அலை பின்னுக்கு வராது. இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே பல பேருக்கு வேலை முடிந்துவிடும்.

வேறு லைப்ரரி டைமரைப் பிடித்துக்கொண்டது. யூனோவில் சர்வோ லைப்ரரி டைமர் 1-ஐ எடுத்துக்கொள்ளும். அதைச் சேர்த்ததும் 9, 10 இரண்டிலும் பிடபிள்யூஎம் போய்விடும். `tone()` டைமர் 2-ஐ எடுப்பதால் 3, 11 பின்கள் பாதிக்கப்படும். ஒரே போர்டில் சர்வோவும் மோட்டாரும் வேண்டுமென்றால் மோட்டாரை டைமர் 2-க்கு மாற்றுவது சுலபம்.

முதலில் ஓடியது, ஒரு தடவை நிறுத்திய பிறகு கிளம்பவில்லை. இது தனி ரகம். மோட்டாரை நிறுத்த எங்கேயோ `digitalWrite(9, LOW)` எழுதியிருப்பார்கள். அர்டுயினோவின் `digitalWrite` பின்னை இறக்குவதோடு நிற்காது. டைமருக்கும் பின்னுக்கும் உள்ள தொடர்பையும் வெட்டிவிடும், அதாவது COM1A1 பிட்டை 0 ஆக்கிவிடும். அப்புறம் OCR1A-வில் எதை எழுதினாலும் பின் அசையாது. நிறுத்துவதற்கும் கிளப்புவதற்கும் ஒரே செயற்கூறைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. அந்தச் செயற்கூறு கீழே வருகிறது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மீட்டர் 0 காட்டினால், பிடபிள்யூஎம்மை விட்டுவிட்டு அந்தப் பின்னை `digitalWrite`-ஆல் மேலே ஏற்றிப் பாருங்கள். பாரம் எதுவும் மாட்டாத நிலையில் 5 வோல்ட் வரவில்லை என்றால் பின் செத்துவிட்டது. ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியையோ, டையோடு இல்லாமல் ரிலேயையோ மாட்டிய போர்டுகளில் இது நடக்கும். 10-ஆம் பின்னுக்கு மாறி OCR1B-யும் COM1B1-உம் PB2-உம் பயன்படுத்தினால் அதே போர்டை வைத்து ஓட்டலாம்.

## என்ன எண் கொடுத்தாலும் முழு வேகம், முழு வெளிச்சம்

அதிகம் நேரத்தைத் தின்னும் அறிகுறி இதுதான். மாஸ்ஃபெட் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டி இரண்டு மூன்றை மாற்றிய பிறகுதான் பலரும் நிரலைப் பார்க்கிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள்.

இப்படி ஒரு நிரல் வந்தது:

```
DDRB   |= (1 << PB1);
TCCR1A |= (1 << COM1A1) | (1 << WGM11);
TCCR1B |= (1 << WGM13) | (1 << WGM12) | (1 << CS10);
ICR1    = 799;
OCR1A   = 199;
```

மேலே கொடுத்த நல்ல நிரலுக்கும் இதற்கும் வித்தியாசம் நடுவில் இருக்கும் இரண்டு வரிகளில் `=` என்பது `|=` ஆனது மட்டும்தான். மீட்டர் 1.25 காட்ட வேண்டிய இடத்தில் 5 வோல்ட் காட்டியது. OCR1A-வை 399, 599 என்று மாற்றினாலும் 5 வோல்ட்தான்.

காரணம், `setup()` தொடங்குவதற்கு முன்பே அர்டுயினோ டைமர் 1-ஐத் தொட்டிருக்கிறது. `analogWrite` வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அது WGM10, CS11, CS10 ஆகிய மூன்று பிட்களை 1 ஆக்கி வைத்திருக்கும். `|=` பழையதை அழிக்காது, மேலே சேர்க்கும். டைமர் எந்த முறையில் எண்ண வேண்டும் என்பதை WGM பிட்கள்தான் தேர்ந்தெடுக்கின்றன. அதனால் 14-ஆம் முறையைக் கேட்ட இடத்தில் WGM10-உம் ஒட்டிக்கொண்டு 15-ஆம் முறை ஆகிவிட்டது. 14-இல் எண்ணிக்கையின் உச்சம் ICR1. 15-இல் உச்சம் OCR1A. உச்சமும் டியூட்டியும் ஒரே ரெஜிஸ்டர் என்றால் டியூட்டி எப்போதும் முழுசு. பின் கீழே இறங்கவே வழியில்லை. கூடவே CS11-உம் மிச்சமிருப்பதால் கடிகாரம் 64-ஆல் வகுபடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க யூகம் வேண்டாம், சிப்பையே கேட்கலாம்:

```
Serial.println(TCCR1A, HEX);
Serial.println(TCCR1B, HEX);
Serial.println(ICR1);
```

நல்ல நிரலில் 82, 19, 799 என்று வரும். பழுதான நிரலில் 83, 1B என்று வந்தது. 82-க்குப் பதில் 83 என்றால் ஒட்டிக்கொண்ட WGM10. 19-க்குப் பதில் 1B என்றால் ஒட்டிக்கொண்ட CS11. `|=`-ஐ `=` ஆக்கியதும் மீட்டர் 1.25-க்கு இறங்கியது.

10-ஆம் பின்னைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதே பிழை வேறு வேஷத்தில் வரும். அங்கே முழு வேகம் வராது. டியூட்டி மாறும், ஆனால் OCR1A-வைத் தொடும்போதெல்லாம் அதிர்வெண்ணும் சேர்ந்து மாறும். மோட்டாரின் சத்தம் சுருதி ஏறி இறங்குவதை வைத்துக் காதாலேயே பிடிக்கலாம்.

மூன்றாவது வரியில் ICR1 799 ஆக வராமல் 0 வந்தால், நிரலில் வரிசை மாறியிருக்கிறது. ICR1-ஐ உச்சமாகக் கொள்ளும் முறையை WGM பிட்களில் போட்ட பிறகுதான் அந்த ரெஜிஸ்டரில் எழுத முடியும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. TCCR1A, TCCR1B இரண்டையும் முடித்துவிட்டு ICR1-க்கு வாருங்கள்.

ரெஜிஸ்டர்கள் சரி, மீட்டரும் சரி, ஆனால் மோட்டாரை மாட்டினால் மட்டும் முழு வேகமா? இப்போது மாஸ்ஃபெட்டைச் சந்தேகிக்கலாம். கேட்டைப் பின்னிலிருந்து கழற்றி நேராகக் கிரவுண்டில் தொடுங்கள். அப்போதும் மோட்டார் சுற்றினால் மாஸ்ஃபெட் உள்ளே ஷார்ட்டாகிவிட்டது, அல்லது டிரெயினும் சோர்ஸும் மாற்றி மாட்டப்பட்டிருக்கின்றன. மாட்டியது சரிதானா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் புதிது போடுங்கள். ஷார்ட்டானதற்குக் காரணம் அநேகமாக மோட்டாருக்குக் குறுக்கே டையோடு இல்லாதது. அதைப் போடாமல் புதிதைப் போட்டால் அதுவும் போகும்.

நிரல் ஏற்றும்போதும், பவர் போட்ட உடனேயும் மட்டும் மோட்டார் ஒரு கணம் துள்ளினால், கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இல்லை என்று அர்த்தம். ரீசெட் நேரத்தில் பின் மிதக்கும்; கேட்டைக் கீழே பிடித்து வைக்க ஆள் வேண்டும்.

## மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேகம் ஏறவில்லை

பாகம் எதையும் தொட வேண்டாம். டைமரை மேலே சொன்னபடி 799-க்கு அமைத்துவிட்டு `analogWrite(9, x)` அழைக்கிறார்கள். அது 0-விலிருந்து 255 வரை என்ற பழைய கணக்கிலேயே OCR1A-வில் எழுதும். 254 கொடுத்தால் 800-இல் 255 படி, கிட்டத்தட்ட 32 சதவீதம். வேடிக்கை என்னவென்றால் 255 கொடுத்ததும் திடீரென்று முழு வேகம் வரும், ஏனென்றால் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் அது பிடபிள்யூஎம்மை விட்டுவிட்டுப் பின்னை நேராக மேலே ஏற்றிவிடும். 254 வரை ஊர்ந்து 255-இல் பாய்ந்தால் வேறு காரணமே தேட வேண்டாம்.

## 0 கொடுத்தும் எல்இடி லேசாக எரிகிறது

இருட்டில்தான் தெரியும். இந்த முறையில் OCR1A-வில் 0 போட்டால்கூட ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி நேரம் மட்டும் 9-ஆம் பின் மேலே இருக்கும். 800-இல் ஒரு பங்கு. நல்ல பிரகாசமான எல்இடிக்கு அதுவே போதும். சிப்பின் இயல்பே அப்படி, பழுதில்லை. 0 என்றால் டைமரைப் பின்னிலிருந்து பிரித்துவிட வேண்டும்:

```
void setDuty(uint16_t d) {      // 0..800
  if (d == 0) {
    TCCR1A &= ~(1 << COM1A1);
    PORTB  &= ~(1 << PB1);
  } else {
    OCR1A   = d - 1;
    TCCR1A |= (1 << COM1A1);
  }
}
```

இங்கே `|=` போட்டது சரிதான். மற்ற பிட்களை நாம்தான் ஏற்கெனவே அமைத்துவிட்டோம். 800 கொடுத்தால் OCR1A 799 ஆகும், பின் இறங்காமல் நிற்கும், அதுவே முழு வெளிச்சம். நிறுத்துவதற்கும் கிளப்புவதற்கும் ஒரே செயற்கூறு என்று மேலே சொன்னது இதைத்தான்.

இதற்குப் பிறகும் லேசான ஒளி இருந்தால் எல்இடி வரிசையை ஓட்டும் மாஸ்ஃபெட்டின் கேட் மிதக்கிறதா என்று பாருங்கள். அந்த 10 கிலோ ஓம்தான் மறுபடியும்.

## எல்இடி மினுக்குகிறது, அல்லது படிப்படியாகக் குதிக்கிறது

முதலில் பொட்டென்ஷியோமீட்டரையோ வேறு உள்ளீட்டையோ விட்டுவிட்டு நிலையான ஓர் எண்ணைக் கொடுங்கள். மினுக்கல் நின்றுவிட்டால் அலையில் குறை இல்லை, எண்தான் ஆடுகிறது. ஏடிசியின் கடைசி ஒன்றிரண்டு எண்கள் எப்போதும் ஆடும். டியூட்டி 5-க்கும் 6-க்கும் நடுவே ஆடினால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு மாறுகிறது, கண்ணுக்கு நன்றாகவே தெரியும். சில அளவீடுகளின் சராசரியை எடுத்தால் போதும்.

நிலையான எண்ணிலும் மினுக்கினால் அதிர்வெண்ணைப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் பலருக்கும் தெரியும். தலையை அசைத்தால் அதற்கு மேலும் தெரியும். போன் கேமராவில் மட்டும் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது கேமராவும் அலையும் ஒத்துப்போகாததால் வருவது. வீடியோ எடுக்கப் போவதில்லை என்றால் விட்டுவிடலாம்.

அடுத்தது, கீழ்ப்பக்கம் படிப்படியாகக் குதித்து, மேல்பாதியில் ஒன்றுமே மாறாத மாதிரித் தெரிவது. கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. பாதி வெளிச்சம் போலத் தெரிய 50 சதவீதம் வேண்டாம், 2.2 அடுக்குக் கணக்கில் 22 சதவீதம் சுமார் போதும். அந்தக் கணக்கை 800 படிகளில் போட்டால், 50 சதவீத வெளிச்சத்துக்கு 174, பத்துக்கு 5, ஐந்துக்கு 1. ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே நான்கே படிகள்தான் மிச்சம், அதனால்தான் குதிக்கிறது. எல்இடிக்கு 20 கிலோஹெர்ட்ஸ் தேவையே இல்லை. ICR1-ஐ 65535 ஆக்குங்கள். அதிர்வெண் 244 ஹெர்ட்ஸ் ஆகும், மினுக்கல் தெரியாது, ஐந்துக்கு 90, பத்துக்கு 413 என்று நடுவே முந்நூற்றுச் சொச்சம் படி கிடைக்கும். இந்த மாற்றத்துக்குச் செலவு ஒரு எண்தான். `setDuty`-க்குள் போகும் எண்ணின் வரம்பை மட்டும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

## மோட்டார் கீச்சிடுகிறது, அல்லது உறுமிக்கொண்டு நிற்கிறது

கீச்சிடுவது அதிர்வெண் காதுக்கு எட்டும் எல்லைக்குள் இருப்பதால். `analogWrite` 9-ஆம் பின்னில் தருவது 490 ஹெர்ட்ஸ். 20 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் சத்தம் அடங்கும். 20 அமைத்தும் சத்தம் வந்தால் TCCR1B-யை அச்சிட்டுப் பாருங்கள். 1B இருந்தால் CS11 ஒட்டியிருக்கிறது, ஓடுவது 20000-ஐ 64-ஆல் வகுத்த 312 ஹெர்ட்ஸ்.

உறுமிக்கொண்டு நின்றால் தண்டைக் கையால் லேசாகச் சுற்றிவிடுங்கள். தொடர்ந்து சுற்றினால் மோட்டாருக்குக் கிளம்பும் தெம்புதான் இல்லை, ஓடத் தெம்பு இருக்கிறது. கிளம்பும்போது மட்டும் `setDuty(800)` கொடுத்து 50 முதல் 100 மில்லி விநாடி விட்டுவிட்டு, வேண்டிய வேகத்துக்கு இறக்குங்கள். அதோடு எந்த டியூட்டிக்குக் கீழே நின்றுவிடுகிறது என்று ஒரு தடவை பார்த்து, நிரலில் அதையே கீழ் எல்லையாக வையுங்கள்.

சுற்றிவிட்டும் நின்றால் 100 சதவீதம் கொடுத்து மோட்டாரின் இரு முனைகளுக்கு நடுவே வோல்ட் பாருங்கள். L298 டிரைவர் போர்டு வழியாக 6 வோல்ட் மோட்டாரை 6 வோல்ட்டில் ஓட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அந்த ஐசி 1 ஆம்பியரிலேயே ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே தின்றுவிடும், கரண்ட் ஏற ஏற இன்னும் தின்னும். மோட்டாருக்கு மிஞ்சுவது 4. டியூட்டியில் இதற்கு மருந்து இல்லை. சப்ளையை உயர்த்துங்கள், அல்லது மாஸ்ஃபெட் வைத்த டிரைவருக்கு மாறுங்கள்.

நடுவில் ஆப்டோகப்ளர் இருக்கும் போர்டானால் 20 கிலோஹெர்ட்ஸ் கொடுக்காதீர்கள். PC817 போன்றவை அவ்வளவு வேகமாகத் திறந்து மூடாது. சின்ன டியூட்டி காணாமல் போகும், பெரிய டியூட்டி முழுசாகிவிடும். அந்தப் போர்டில் 1 கிலோஹெர்ட்ஸுக்குள் ஓட்டிக்கொண்டு சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

## மாஸ்ஃபெட் சுடுகிறது

இரண்டு விதச் சூடு உண்டு; எது என்று தெரியாமல் ஹீட்சிங்க் மாட்டுவது வீண். அதே டியூட்டியில், CS10-க்குப் பதிலாக `(1 << CS11) | (1 << CS10)` போட்டு 312 ஹெர்ட்ஸில் சில நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

312-இலும் சுடுகிறது. மாஸ்ஃபெட் முழுசாகத் திறக்கவில்லை. 100 சதவீதம் கொடுத்து டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். மோட்டார் 2 ஆம்பியர் இழுக்கும்போது IRLZ44N-இல் 0.05 வோல்ட் சுமார்தான் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் பெயரைப் படியுங்கள்: அநேகமாக IRFZ44N. ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அது கேட்டில் 10 வோல்ட் எதிர்பார்க்கிறது. 5 வோல்ட்டில் சில சிப் ஓரளவு திறக்கும், சில திறக்காது. அதனால்தான் நண்பருக்கு ஓடுகிறது, உங்களுக்கு ஓடவில்லை.

312-இல் ஆறிவிட்டது, 20 கிலோஹெர்ட்ஸில் மட்டும் சுடுகிறது. திறந்து மூடும் நேரம் அதிகம். IRLZ44N-இன் கேட்டை நிரப்ப 48 நானோ கூலும் வரை வேண்டும். 220 ஓம் வழியாக 10 மில்லிஆம்பியர் போனால் அதற்கு 5 மைக்ரோ விநாடி. ஏறவும் இறங்கவும் சேர்த்து 10. முழுச் சுற்றே 50 மைக்ரோ விநாடிதான். அதில் கணிசமான நேரம் மாஸ்ஃபெட் அரைகுறையாகத் திறந்து நிற்கிறது. காசில்லாத தீர்வு, அதிர்வெண்ணை இறக்குவது. சத்தம் வேண்டாம் என்றால் TC4427 மாதிரி ஒரு கேட் டிரைவர் ஐசியை நடுவில் போடுங்கள். ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நேராக இணைப்பது குறுக்குவழி. பின்னின் உச்ச வரம்பு 40 மில்லிஆம்பியர், அதை மீறுவீர்கள்.

மாஸ்ஃபெட்டோடு டையோடும் சுட்டால் அது 1N4007-ஆ என்று பாருங்கள். மின்கம்ப மின்சாரத்தின் வேகத்துக்குச் செய்த டையோடு அது, 20 கிலோஹெர்ட்ஸில் சரியான நேரத்தில் மூடாது. 1 ஆம்பியருக்குள் 1N5819, 3 ஆம்பியர் வரை 1N5822 போடுங்கள்.

## மோட்டார் கிளம்பியதும் போர்டு ரீசெட் ஆகிறது

மோட்டாரைக் கழற்றிவிட்டு அதே நிரலை ஓட்டுங்கள். ரீசெட் நின்றுவிட்டால் நிரலுக்கு இதில் பங்கில்லை. போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் எடுத்திருந்தால் காரணம் அதுவேதான். கிளம்பும்போது மோட்டார் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். தனி சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் போர்டோடு இணையுங்கள். அந்தக் கிரவுண்ட் கம்பியை மறந்தால் மோட்டார் சம்பந்தமில்லாமல் ஆடும்.

தனி சப்ளை கொடுத்தும் ரீசெட் ஆனால் பிரஷ் பொறியின் இரைச்சல். மோட்டாரின் முனைகளிலேயே 100 நானோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைப் பற்ற வையுங்கள், மோட்டார் சப்ளையில் 470 மைக்ரோ ஃபாரட் ஒன்று. மோட்டார் கம்பிகளைப் பின்னிப் போர்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

## எங்கே நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்

எரியும் விளக்கோ மோட்டாரோ நேராக மின்கம்ப மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் இந்தக் கட்டுரையின் சர்க்யூட் எதுவும் பொருந்தாது. அதற்கு வேறு முறை, தனிப்படுத்தலும் வேண்டும். உரிமம் பெற்ற மின் பணியாளர்தான் செய்ய வேண்டும். பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும் மோட்டார், ஆள் ஏறும் வண்டி, லித்தியம் பேட்டரித் தொகுப்பு ஆகியவற்றிலும் சோதித்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம்.

சரியான மாஸ்ஃபெட், சரியான டையோடு போட்டும் இரண்டாவது தடவை ஷார்ட்டானால், மூன்றாவதை வாங்காதீர்கள். கேட்டிலோ டிரெயினிலோ மல்டிமீட்டருக்குத் தெரியாத கூர்முனை எழும்புகிறது, அதை ஆசிலோஸ்கோப்பில்தான் பார்க்க முடியும். கொடுக்கும்போது வெறும் "ஓடவில்லை" என்று சொல்லாமல் நான்கு விஷயங்களை எழுதிக் கொடுங்கள்: TCCR1A, TCCR1B, ICR1 அச்சிட்ட எண்கள், மோட்டார் இல்லாமல் 25 சதவீதத்தில் பின்னின் வோல்ட், 100 சதவீதத்தில் டிரெயின், சோர்ஸ் நடுவே வோல்ட், 312 ஹெர்ட்ஸில் சூடு நின்றதா இல்லையா.